தனித்தனியாக அரைத்ததில் தேய்ந்த மிக்சி

மிக்சியை இணையத்தில் வாங்கி ஒரு வருடம் ஆனதும் விற்ற நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. தினமும் பயன்படுத்துகிறீர்களா, எப்படி உழைக்கிறது, மற்றவர்களுக்கு உதவும்படி எழுதுங்கள் என்று. அரசு அலுவலகத்தில் அடுத்தவர் கோப்புகளில் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். கேட்டால் எழுதாமல் இருக்க முடியாது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த வாரத்தில் இதை வாங்கினேன். அவளுக்கு விழுங்குவது சிரமம். எதைக் கொடுத்தாலும் கட்டியோ திப்பியோ இல்லாமல் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீராகவும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் சாதம், சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல் மூன்றையும் ஒரே ஜாரில் போட்டு அரைத்துக் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மூன்றையும் தனித்தனியாக அரைத்து, மூன்று கிண்ணத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்துப் பார்த்து, குழறிய குரலில் "கத்திரிக்கா" என்றாள். அன்றிலிருந்து அதுவே முறை ஆயிற்று. காலையில் இட்லி தனி, சட்னி தனி. மீன் வாங்கினால் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு மீன் தனி, குழம்பு தனி. உப்புக் குறைந்தால் உடனே சொல்வாள். ஒரு நாள் ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "ஏங்க, நான் முன்னாடியே படுத்திருக்கலாம். சமையல் கத்துக்கிட்டிருப்பீங்க" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. நானும் அவசரப்படுத்தவில்லை.

மிக்சிக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு கரண்டிப் பொரியலுக்காக ஜாரைப் பூட்டி, ஓட்டி, நிறுத்தி, ஓரத்தை வழித்து, மறுபடி ஓட்டி, கழுவி, அடுத்ததற்கு வைக்க வேண்டும். சூடாக அரைத்ததாலும் ஓயாமல் கழுவியதாலும் பிளேடுக்குக் கீழே உள்ள வாஷர் போய், ஜாரின் அடியில் கசிந்தது. பிளேடு கையால் சுற்ற முடியாதபடி இறுகியது. மோட்டார் திணறி அடிக்கடி நின்றுபோகும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஓடவைப்பேன். கடைசியில் பிளேடைச் சுழற்றும் கப்ளரின் பற்கள் மழுங்கிப் போயின. மோட்டார் சுற்றியது, பிளேடு சுற்றவில்லை.

ரெட்டியார்பாளையம் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் கப்ளரைப் பார்த்ததும் டிபன் கடையா என்று கேட்டாள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். விதியை நானும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்கே எடுத்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் நீட்டினேன். கேட்காத நகலையும் கொண்டுபோவது என் பழக்கம். அவள் படித்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டு ஒரே தடவை அரைச்சிட்டா இவ்ளோ தேயாதே சார்."

"அப்ப என்ன சாப்புடுறோம்னு அவங்களுக்குத் தெரியாதும்மா."

 கப்ளரையும் வாஷரையும் அங்கேயே மாற்றிக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் வீடு வந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் என் மனைவிக்குச் சாப்பிடும்போதெல்லாம் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். உணவு நுரையீரலுக்குப் போகிறது என்றார் டாக்டர். கூழை இன்னும் நைசாக அரைக்கிறேன் என்றேன். அரைப்பதில் குறை ஒன்றும் இல்லை, தொண்டைதான் முடியாமல் போய்விட்டது, இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம் என்றார். மூக்கில் குழாய் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நர்ஸ், தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து ஊசிக்குழலால் மெதுவாக ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நீர்க்கக் கரைத்தால் போதும் என்றாள். சில நாள் பிடிவாதமாகத் தனித்தனியாகவே அரைத்தேன். ஊற்றும்போது, இது கத்திரிக்காய், இது பருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாதீங்க," என்றாள். "ஆசையா இருக்குது."

அதன் பிறகு சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டுவிடுகிறேன்.

நிறுவனத்துக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: முதல் பத்து மாதங்களில் ஒரு முறை கப்ளரும் வாஷரும் மாற்ற வேண்டி வந்தது. தவறு இயந்திரத்துடையது அல்ல. சிறிய அளவில், சூடாக, அடிக்கடி அரைப்பதற்கு இது ஏற்றதல்ல. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் அரைப்பவர்களுக்கு நன்றாக உழைக்கும். இரண்டு மாதமாக நானும் அப்படித்தான் அரைக்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லை.