குரலுக்கு விழுந்த பரிசு

ராஜபாளையத்தில் எட்வினின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்; குரலைத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு "அன்பார்ந்த தாய்மார்களே" என்று அவர் தொடங்கினால், அது ஜவுளிக்கடைத் தள்ளுபடியா கண் சிகிச்சை முகாமா என்று தெரிவதற்குள் நாலு பேர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இளவயதில் வானொலியில் குரல் தேர்வுக்குப் போய், "அப்புறம் தகவல் சொல்கிறோம்" என்ற பதிலோடு திரும்பியவர். அந்தத் தகவல் இன்னும் வரவில்லை. எந்த நேரத்திலும் வரலாம் என்பதுபோல்தான் தொண்டையைப் பராமரித்து வந்தார். கோடையிலும் வெந்நீர்தான் குடிப்பார்.

அவர் மனைவி பரிபூரணம் நூல் மில்லில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் வலி தாங்காமல் இந்த வருடம் நின்றுவிட்டாள். பி.எஃப். பணம் வந்து இருவர் பெயரிலும் இருந்த கணக்கில் கிடந்தது. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் பணத்தைப் பார்ப்பது, அனுப்புவது எல்லாம் எட்வினின் போனில்தான். இந்த ஏற்பாட்டில் அறிவாளி யார் என்பதில் வீட்டில் யாருக்கும், குறிப்பாக எட்வினுக்கு, சந்தேகமே இருந்ததில்லை.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுப் பால்கோவா கடை ஒன்றுக்கு விளம்பரம். மதிய வெயிலில் தேரடிப் பக்கம் ஆட்டோவை நிழலில் நிறுத்திவிட்டு, ஆட்டோக்காரர் கருத்தையா சாப்பிடப் போயிருந்தார். அப்போதுதான் அந்த மெசேஜ் வந்தது. உங்கள் எண்ணுக்கு இருபத்தைந்து லட்சம் லாட்டரிப் பரிசு விழுந்துள்ளது, விவரம் அறிய இந்த எண்ணை அழைக்கவும் என்று.

எட்வின் ஏமாறவில்லை. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது, தான் சீட்டு எதுவும் வாங்கியதுமில்லை, இது பச்சைத் திருட்டு என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். போன மாதம்தான் "வரும் லிங்கைத் தொடாதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள்" என்று தெருத் தெருவாகக் கத்திவிட்டு வந்திருக்கிறார். இதில் லிங்கும் இல்லை, ஓ.டி.பி.யும் இல்லை. கூப்பிட்டால் என்ன, பேச்சுத்தானே. பேச்சில் தன்னை ஜெயிக்க ஒருவன் பிறந்துதான் வர வேண்டும். நாலு வாங்கு வாங்கிவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தார். அவரே எண்ணை அழுத்தினார்.

ஒரு பெண் எடுத்தாள். பேர் கேட்டாள். எட்வின் சாமர்த்தியமாக "ஐயாதுரை" என்று கருத்தையாவின் மைத்துனர் பேரைச் சொன்னார். ஊரைக் கேட்டதற்குத் தென்காசி என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, திட்டுவதற்கு வாயைத் திறக்கப் போகும்போது அவள் குறுக்கிட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ரேடியோவுல பேசுறவரா? குரல் அவ்வளவு நல்லா இருக்கு."

திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. வெந்நீர் குடித்து வளர்த்த தொண்டை. ஒரு நிமிடத்தில் ஐயாதுரை, எட்வின் ஆனார். தென்காசி, ராஜபாளையம் ஆனது. எத்தனை வருட அனுபவம், எந்தெந்தக் கடைக்குப் பேசியது, வானொலி செய்த துரோகம், எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே ஒப்பித்தார். அவள் "அப்படியா சார்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு மேனேஜர் என்று ஒருவர் லைனில் வந்தார். பரிசு ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் கம்பெனி விளம்பரங்களுக்கே உங்கள் குரல் வேண்டும் என்றார். பால்கோவா விளம்பரத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னார். காலி ஆட்டோவில் உட்கார்ந்து எட்வின் முழுதாகச் சொல்லிக் காட்டினார். அந்தப் பக்கம் கை தட்டினார்கள். பரிசையும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே பதிவு செய்துவிடலாம், சிறு கட்டணம்தான், திரும்பி வந்துவிடும், லைனை மட்டும் கட் செய்யாதீர்கள், செய்தால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்றார் மேனேஜர். போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, எட்வின் தானே ரகசிய எண்ணை அழுத்தி நாலாயிரம் அனுப்பினார். அடுத்து வரி என்று இருபதாயிரம். இருபத்தைந்து லட்சத்துக்கு வரி இல்லாமல் இருக்குமா என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டார்.

கருத்தையா திரும்பி வந்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டார். எட்வின் வாயில் விரலை வைத்துக் காட்டினார். பெரிய இடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த ஆட்டோக்காரர் வேறு என்று எரிச்சல்கூட வந்தது. மேனேஜர் கடைசியாக அறுபதாயிரம் கேட்டார். எட்வின் அதற்கும் எண்ணைத் தட்டத் தொடங்கினார். அப்போது போனில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது.

போனில் ஒலித்த குரல் நின்றது. தேரடியில் பஸ் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், எட்வினுக்குப் புத்தி வந்துவிட்டது. அந்த ஆட்டோவில் அன்று அறிவோடு நடந்துகொண்டது பேட்டரி ஒன்றுதான்.

மெசேஜை எத்தனை ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அழித்திருப்பார்கள். அவர்களோடு அந்தத் திருடனுக்கு வேலையே இல்லை. கூப்பிடுகிறவன் எதற்காகக் கூப்பிட்டாலும், திட்டவே கூப்பிட்டாலும், நான் பேசத் தயார் என்று தானாகக் கை தூக்கியவன். திருடனுக்கு மிச்ச வேலை, அப்படிக் கூப்பிட்டவனுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான். அதற்கு எட்வின் இரண்டு நிமிடம்கூடக் கஷ்டம் கொடுக்கவில்லை.

கருத்தையாவிடம் பாதி அழுகையாகச் சொன்னார். அவர் திட்டவில்லை, தன் போனை எடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழுத்திக் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் கேட்ட கேள்விக்கு எட்வினின் புகழ் பெற்ற குரல் வரவில்லை; கருத்தையாவே பேசினார். ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் எட்வினின் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, பணம் போனதற்கான பரிவர்த்தனை எண்களைப் படித்துச் சொன்னார்கள். பாங்குக்கும் போய்ச் சொன்னார்கள். உடனே சொன்னதால் வரிப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க முடிந்தது, மிச்சம் கைமாறிப் போய்விட்டது என்று மறுநாள் தகவல் வந்தது.

வீட்டில் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. பரிபூரணம் கத்தவில்லை. ஒரு மெஷின் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் ஸ்டேஷனுக்குத் தானும் வருவதாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எட்வினுக்கு இருந்தது.

ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு, மோசடி என்று தெரிந்தும் ஏன் அத்தனை நேரம் பேசினீர்கள் என்று கேட்டார். எட்வின் தரையைப் பார்த்துக்கொண்டு, பரிசுக்கு ஆசைப்பட்டுவிட்டேன் என்றார். காசுக்கு ஆசைப்பட்டவனையாவது ஊர் மன்னித்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"அது இல்லய்யா," என்றாள் பரிபூரணம். "அவியளுக்குக் காசு ஆசை கெடையாது. குரல் நல்லா இருக்குன்னு அந்தப் பொம்பளப்புள்ள சொல்லியிருக்கா. எங்க வீட்டுல ஒரு நாளும் யாரும் அதச் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். இதையும் எழுதட்டுமா என்று கேட்டார்.

எழுதச் சொல்லித் தலையை ஆட்டினார் எட்வின். வாய் திறந்து சொல்ல அவருக்குக் குரல் எழவில்லை.