தகரத்தில் எழுதிய நியாயம்

போர்டு எழுதுகிற ஞானராஜை ராஜபாளையத்தில் எல்லோரும் 'அவன்' என்றுதான் சொல்வார்கள். அவருடைய கையெழுத்தை மட்டும் 'அவிய எழுத்து' என்று 'அவர்கள்' போட்டுச் சொல்வார்கள். என்ன மரியாதையோ இது, எழுத்துக்கு ஒன்று, எழுதியவனுக்கு ஒன்று. இந்தக் கதையிலாவது அவர் 'அவர்'தான்.

செட்டியார்பட்டிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். காப்பி கிளப்பு, பஞ்சுக் கிட்டங்கி, சைக்கிள் கடை என்று ஊரில் பாதிப் பலகை அவர் எழுதியதுதான். ஒரு கிளப்புக்கு 'உள்ளே உட்கார்ந்து சாப்பிட வசதி உண்டு' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறமாகப் போய் கொட்டாங்கச்சியில் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறார். அப்போது கூட அவருக்குப் பெரிதாகக் கோபம் வந்ததில்லை. கோபம் வந்தது ரோசம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றிய விதத்தைப் பார்த்துத்தான்.

ரோசம்மாள் அவருடைய மனைவி, பஞ்சரவை மில்லில் வேலை. 1935ஆம் வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அவளுடைய ஆத்தாளைப் பார்க்க இரண்டு பேரும் ரோட்டோடு நடந்து போனார்கள். பாதி வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். சனமெல்லாம் பானைக்குப் பக்கத்தில் நின்று செம்பில் வாங்கிக் குடித்தது. சேரி ஆட்களுக்கு மட்டும் பக்கவாட்டில் ஓலைத் தட்டி கட்டி, அதில் ஓட்டை போட்டு, ஒரு மூங்கில் குழாயைச் செருகியிருந்தார்கள். உள்ளிருந்து ஊற்றினால் வெளியே வரும். குனிந்து, இரண்டு கையையும் வாய்க்குக் கீழே குவித்துப் பிடிக்க வேண்டும். ஊற்றுகிறவன் அவசரக்காரன். தண்ணீர் ரோசம்மாளின் மூக்கில் ஏறி, ரவிக்கையெல்லாம் நனைந்து, அவள் இருமிக்கொண்டு நின்றபோது தட்டிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் சிரித்தார்கள்.

"அடுத்த வருசம் நாக்கு வறண்டு செத்தாலும் அந்தப் பந்தல்ல நிக்க மாட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்த பிறகு.

"நிப்ப. நிமிந்து நின்னு செம்புல குடிப்ப. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஞானராஜ். வாய் தவறிச் சொன்னதல்ல. அதைத்தான் ஒரு வருஷமாக மனசில் வைத்திருந்தார்.

மறு வருஷம் ஆனி கடைசியில் ஆள் வந்தது. பந்தல் கமிட்டிக்கு ஒரு பெரிய போர்டு வேண்டுமாம். கமிட்டி என்றால் மூன்று பேர்: பஞ்சு வியாபாரி சுப்புராஜ், ஜவுளிக் கடை மீரான் ராவுத்தர், மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ராபர்ட் சார். மூன்று மதத்துக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற பந்தல் என்பதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. பிறரை எப்படி நடத்த வேண்டும் என்று அவரவர் மதம் சொல்வதை ஏழடித் தகரத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பந்தல் முகப்பில் மாட்ட வேண்டும். எல்லா மதமும் ஒன்றுதான் என்று சனம் தெரிந்துகொள்ளட்டுமே என்றார் ராபர்ட் சார்.

வாசகங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சுப்புராஜ் கதை சொல்லுகிற பாகவதர் ஒருவரிடம் கேட்டு வாங்கியிருந்தார்: தனக்கு எது வேண்டாததோ அதைப் பிறருக்குச் செய்யாதே, தர்மத்தின் சுருக்கம் இதுதான். ராவுத்தர் சீட்டில் நபி சொன்னது: தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவன் உண்மையான விசுவாசி ஆக மாட்டான். ராபர்ட் சார் சீட்டில் இயேசு மலையில் சொன்னது: மனுஷர் உங்களுக்கு எதைச் செய்ய வேண்டுமென்று நினைக்கிறீர்களோ அதை நீங்களே அவர்களுக்குச் செய்யுங்கள், கட்டளையும் தீர்க்கதரிசிகள் சொன்னதும் இதில் அடக்கம். மூன்று பத்தி எழுதினால் தகரத்தில் ஓரம் காலியாகத் தெரிந்தது. அதனால் சார் நாலாவதாகப் புத்தர் உபதேசத்தையும் சேர்த்தார்: அடி என்றால் எல்லோரும்தான் நடுங்குகிறார்கள், உன்னை வைத்து அவர்களை எண்ணிப் பார், அடிக்காதே. ஜைனர்களும் இதையேதான், எந்த உயிருக்கும் வலி பிடிக்காது என்று, எறும்பு வரை கொண்டுபோகிறார்கள் என்றார் சார்.

எழுத்துக்காரனுக்கு ஒரு வாசகத்தை எழுதுவதென்றால் நூறு தரம் பார்க்க வேண்டும். நூல் பிடித்து, சாக்கட்டியில் வரைந்து, எனாமல் பூசுவதற்குள் அது மண்டையில் ஏறிவிடும். ஞானராஜுக்கும் ஏறியது. நாலும் ஒன்று என்று சார் சொன்னது பாதிதான் சரி என்று பட்டது. இரண்டு 'செய்யாதே' என்கின்றன. ஒன்று 'செய்' என்கிறது. இன்னொன்று கைகாலை விட்டுவிட்டு 'விரும்பு' என்று மனசுக்குள்ளேயே போய்விடுகிறது. ஆனால் நாலிலும் அளவுகோல் ஒன்றுதான், அது அவனவன் உடம்பு. எனக்கு இது நடந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கச் சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு ஒருத்தன் அந்தக் குழாயை எப்படி மாட்டுவான்?

போர்டை முடித்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு, முதலில் சுப்புராஜிடம் போனார்.

"மொதலாளி, போர்டு ரெடி. அந்தக் குழாயை மட்டும் எடுத்துப்போடச் சொல்லணும்."

சுப்புராஜ் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "ஏமய்யா, கேட்டீரா?" என்றார். பிறகு, "ஏலே ஞானம், எங்க வாசகம் என்ன சொல்லுது? கெடுதல் செய்யாதேன்னுதான சொல்லுது. நான் என்ன கெடுதல் செஞ்சேன்? தண்ணி குடுக்கேன்."

"குழாயில குடிச்சா ஒங்களுக்கு நோகுமா நோகாதா? அதைத்தான மொதலாளி அது கேக்கச் சொல்லுது."

"நான் எதுக்குலே குழாயில குடிக்கணும்?" என்றார் சுப்புராஜ். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவருடைய சாஸ்திரம் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி அது. அதைத் தன் வாயாலேயே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பேரேட்டைத் திறந்துவிட்டார்.

ராபர்ட் சார் இன்னும் மேல். "அவங்களுக்கு வேண்டியது தண்ணி, நாம குடுக்கிறோம். வசனம் நிறைவேறிருச்சுல்ல?" என்றார்.

"சார், ஒங்களுக்குத் தாகமெடுத்தா தண்ணி மட்டுமா வேணும்? மனுசனா மதிச்சு ஒரு வார்த்தையும் வேணும்லா? அயலான் யாருன்னு ஆண்டவர்கிட்ட கேட்டதுக்கு, ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவனைத் தூக்குன சமாரியனைத்தான காட்டுனாரு. ஊரே ஒதுக்கிவச்ச சாதி அது. இதுவும் ரோடுதான் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிஷன் கோயிலில் ஞானராஜின் ஆட்களுக்குக் கடைசியில் பாய் போட்டிருப்பது அவருக்கும் தெரியும். முன் பெஞ்சியில் உட்காருகிறவர் அவர். "எனக்கு ஒண்ணுமில்ல ஞானராஜ். மத்தவங்க சம்மதிக்கணுமே" என்றார்.

மீரான் ராவுத்தர்தான் கொஞ்சம் யோசித்தார். "எங்க பள்ளிவாசல்ல நீ வந்து நின்னா ஒரே வரிசைதான். ஆனா இது ஊர்ப் பந்தல் பாரு. வாசகத்துல சகோதரன்னு இருக்கு. அது எங்காளுகளைச் சொன்னதா இருக்கும்" என்று இழுத்தார்.

"இருக்குமா, இருக்கா? கேட்டுச் சொல்லுங்க ராவுத்தரய்யா. தப்பா எழுதிட்டேன்னா அழிச்சு எழுதணும்."

ராவுத்தர் மெய்யாகவே போய்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டார். நாலு நாள் கழித்து அவரே ஞானராஜ் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்படி ஒரு ஜவுளிக் கடைக்காரர் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

"சகோதரன்னா யாருன்னு ரெண்டு விதமாச் சொல்லுதாவளாம். நம்ம தீனுல, மார்க்கத்துல உள்ளவன்னு சில பேரு. ஆதம் மக்க எல்லாருமே சகோதரன், மாற்று மதத்தானும் சேத்திதான்னு பெரிய ஆலிம்களே சொல்லியிருக்காவளாம்" என்றார். "சின்ன அர்த்தத்தை நான் எதுக்கு எடுத்தேன்னு ஆலிம்சா கேட்டாரு. போர்டைக் கொண்டாந்து மாட்டு. கமிட்டியில நான் பேசுதேன்."

அவர் பேசினார். சுப்புராஜ் 'பாக்கலாம்' என்றார். ராபர்ட் சார் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். 'பாக்கலாம்' என்ற வார்த்தையை நம்பி ஞானராஜ் போர்டைக் கொண்டுபோய் மாட்டினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். நல்ல வாசகத்தைப் பெரிய எழுத்தில் தலைக்கு மேலே மாட்டிவிட்டால், அதற்குக் கீழே நின்று அயோக்கியத்தனம் செய்ய மனுஷனுக்குக் கூசும் என்று அவர் நினைத்துவிட்டார்.

தேரன்றைக்குக் காலையில் ரோசம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். செட்டியார்பட்டி வரையிலிருந்து வந்த வண்டிகள் ரோட்டில் வரிசையாக நின்றன. போர்டு வெயிலில் பளபளத்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். 'எம்புட்டு நல்ல வார்த்தை' என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போர்டுக்குக் கீழே, இடது பக்கம், அதே தட்டி. அதே குழாய். இந்த வருஷம் குழாய் புதுசு.

ரோசம்மாள் குழாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "வாங்க, போவோம்" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ஞானராஜுக்குத் தாங்கவில்லை.

"நில்லு ரோசம்மா" என்றது ராவுத்தரின் குரல். பந்தலுக்குள்ளிருந்து பித்தளைச் செம்பில் மொண்டுகொண்டு ஓலைத் தட்டியைச் சுற்றி வெளியே வந்து நீட்டினார். அவள் தயங்கினாள். "குடிம்மா. வெயிலு கொல்லுது" என்றார்.

ரோசம்மாள் குனியவில்லை. இரண்டு கையாலும் செம்பை வாங்கி, நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தாள். பாதிச் செம்பு காலியானது.

சுப்புராஜ் கத்தவில்லை. எழுந்து நின்று தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார், அவ்வளவுதான். இரண்டு பேர் உலக்கையை எடுத்தார்கள். அவள் வாய் வைத்த செம்பை அல்ல, அந்தச் செம்பு மொண்ட பானையை உடைத்தார்கள். அந்தப் பானைக்குப் பக்கத்தில் இருந்ததால் அடுத்ததை உடைத்தார்கள். எதில் எது பட்டதோ என்று மற்ற பானைகளையும் உடைத்தார்கள். பதினோரு பானை. விடியற்காலையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்த நல்ல தண்ணீர், ஏலக்காய் தட்டிப் போட்ட தண்ணீர், அத்தனையும் புழுதியில் ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற பெண்களின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. ஒருத்தருக்கும் இல்லாமல் போனாலும் சரி, ஒருத்திக்குப் போகக்கூடாது. பிறருக்குக் கெடுதல் செய்யாதவராம். அன்றைக்கு ரோட்டில் போன அத்தனை பேருக்கும் செய்தார்.

ராவுத்தர் மட்டும் "அநியாயம்வே" என்றார். ராபர்ட் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாலு வாசகத்தில் 'செய்' என்று சொன்னது அவருடையது ஒன்றுதான். அவர் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒரு செம்பு போதும்னு இருந்தேன்" என்றாள் ரோசம்மாள். "அம்புட்டையும் கொட்டிட்டாவளே."

பந்தலில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. உச்சி வெயில் ஏறியும் சனம் வந்துகொண்டேதான் இருந்தது. காலிப் பந்தலைப் பார்த்தார்கள், அண்ணாந்து போர்டை ஒரு தரம் வாசித்தார்கள், எச்சிலை விழுங்கிக்கொண்டு தேருக்கு நடந்தார்கள்.