டிசேபிள்டு ஐட்டம்ஸ் பட்டியலில் இருந்த ஒற்றைப் பெயர்

திருத்தணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்கில் பதிவேடு பார்க்கிற வேலை எனக்கு. வலிப்பு நோயாளிகளுக்கு மாதம் ஒரு வியாழக்கிழமை மாத்திரை கொடுப்போம். யார் எப்போது வந்தார்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் ஒரு எக்செல் கோப்பில் இருக்கும். வராமல் விட்டவர்களைக் கண்டுபிடித்துப் போன் செய்வதுதான் அந்த வேலையிலேயே முக்கியமானது. மாத்திரை நின்றால் வலிப்பு திரும்பிவிடும்.

இதற்காக, முன்பு எங்களிடம் லேப் டெக்னீஷியனாக இருந்த ஒரு தம்பி, எக்செலோடு சேர்ந்து ஓடுகிற ஆட்-இன் என்கிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். எக்செலைத் திறந்தால் மேலே ரிப்பனில் ‘வராதவர்கள்’ என்று ஒரு டேப் வரும். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் பெயரும் ஊரும் போன் நம்பரும் பட்டியலாக விழும். அவர் பெங்களூருக்குப் போன பிறகும் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குச் சில வாரம் முன்பு மருந்துக் கவுண்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எக்செல் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. வெள்ளைத் திரை அப்படியே நிற்கும். எதிரே நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் டாஸ்க் மேனேஜரில் போய் எக்செலை நிறுத்திவிட்டுத் திரும்பத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. போன தடவை இந்த ஆட்-இன்னால் தொந்தரவு ஏற்பட்டது, இதை முடக்கிவிடலாமா என்று கேட்டது. நான் முழுதாகப் படிக்கவில்லை. ‘யெஸ்’ அழுத்தினேன். எக்செல் சட்டென்று திறந்தது. அப்பாடா என்று இருந்தது.

மறுவாரம்தான் டேப் இல்லை என்று கவனித்தேன். அந்தப் பெட்டிக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து ஆட்-இன்னைத் திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொன்னேன். செய்தார். டேப் வரவில்லை. “இந்த எக்செலுக்கு இது ஒத்துக்கல போலங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கிளினிக் நர்ஸ் சிஸ்டர்தான் எதையாவது அழித்திருப்பார் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். ஒருமுறை அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டும் விட்டேன். “நான் அந்த மிஷினத் தொடறதே இல்லம்மா” என்றார் அவர். முகம் வாடிப் போயிற்று.

பிறகு நானே தேதி இருக்கும் கட்டங்களில் ஃபில்டர் போட்டு, நாள் கடந்தவர்களை எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த மாத வியாழன் கிருத்திகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. காவடிக்காகப் பஸ்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பலர் வரவில்லை. என் ஃபில்டரில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் போன் செய்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் திருவாலங்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கணவருக்கு எங்களிடம்தான் மாத்திரை. கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து வாய்க்காலுக்குள் குப்புற விழுந்துவிட்டார். பக்கத்துக் கழனியில் இருந்த இந்த அம்மாதான் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டிருக்கிறார். கணவருக்கு வலது கை முறிந்துவிட்டது. நுரையீரலில் தண்ணீர் போயிருந்ததால் நாலு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

“மாத்திர தீர்ந்து போச்சுங்க. பஸ் இல்லன்னு வர்ல. எப்பவும் நீங்க போன் பண்ணுவீங்களே, அதப் பாத்துகினே இருந்தாரு” என்றார்.

கோப்பில் அவர் பெயரைத் தேடினேன். இருந்தது. அடுத்த வருகைத் தேதியும் இருந்தது. ஆனால் அந்தத் தேதியில் நாளுக்கும் மாதத்துக்கும் வருஷத்துக்கும் நடுவில் யாரோ புள்ளி வைத்து டைப் செய்திருந்தார்கள். எக்செலுக்கு அது தேதி இல்லை, வெறும் எழுத்து. என் ஃபில்டர் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. புள்ளி வைத்த வரிசைகள் இன்னும் நிறைய இருந்தன. எழுத்துகள் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. பார்க்க ஆரம்பித்ததும் கண் அங்கேயே போயிற்று.

மதியம் பெங்களூர் தம்பிக்குப் போன் செய்து, டேப் காணாமல் போனதையும் புள்ளித் தேதிகளையும் சொன்னேன். புள்ளி வைத்த தேதிகளை ஆட்-இன்தான் முதலில் சரியான தேதியாக மாற்றிக்கொள்ளும் என்று அவர் சொன்னார்.

“அக்கா, எக்செலை ஏதாவது நடுவுல நிறுத்தினீங்களா?”

“ஆங். ரொம்ப லேட் ஆவுதேன்னு ஒரு தடவ நிறுத்தினேன்.”

“அப்புறம் எதாச்சும் கேட்டுதா?”

“ஒரு பெட்டி வந்துது. யெஸ் குடுத்தேன்.”

“ஃபைல்ல போயி ஆப்ஷன்ஸ் தொறங்க. அதுல ஆட்-இன்ஸ். அடியில மேனேஜ்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல டிசேபிள்டு ஐட்டம்ஸ் எடுத்து கோ அமுக்குங்க” என்றார்.

எக்செல் முடக்கி வைத்தவற்றின் பட்டியலோடு சின்னச் சன்னல் ஒன்று திறந்தது. அதில் ஒரே ஒரு வரி. எங்கள் ஆட்-இன்னின் பெயர். எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும், இந்தப் பட்டியலில் இருக்கும்வரை எக்செல் அதை ஏற்றாது என்று அவர் விளக்கினார். சிஸ்டர் எதையும் அழிக்கவில்லை. கடைக்காரர் மீதும் தப்பில்லை. நான் அழுத்திய ‘யெஸ்’தான் அது.

வரியைத் தேர்ந்து ‘எனேபிள்’ கொடுத்தேன். எக்செலை மூடித் திறந்தால் பழையபடி வெள்ளைத் திரை. “தொடாதீங்க, தானா வரட்டும்” என்றார். இரண்டு நிமிஷம் கழித்து டேப் வந்தது. மெதுவாகத் திறப்பதற்குக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். ஆட்-இன் தொடங்கும்போதெல்லாம் மருந்துக் கவுண்டர் கம்ப்யூட்டரில் இருந்த மாத்திரைப் பட்டியலைத் தேடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரே இப்போது இல்லை. பதில் வராமல் இரண்டு நிமிஷம் காத்துக்கொண்டு நிற்கிறது. பட்டியலின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. ஆட்-இன்னுடைய செட்டிங்ஸ் கோப்பை நோட்பேடில் திறக்கச் சொல்லி, பழைய இடத்தை அழித்து அந்த நகல் இருக்கும் இடத்தை எழுத வைத்தார். அடுத்த முறை எக்செல் உடனே திறந்தது. டேபும் இருந்தது.

பட்டனை அழுத்தினேன். கிருத்திகை வியாழனுக்கு வராத பதினேழு பேரின் பெயர்கள் விழுந்தன. அதில் ஆறு பேருக்குத்தான் நான் போன் செய்திருந்தேன்.

மீதிப் பேருக்குச் சாயங்காலத்துக்குள் போன் செய்து முடித்தேன். மணவூரில் ஒரு பெண் எடுக்கவே இல்லை. நாலாவது முறை எடுத்து, “கடையிலயே வாங்கிக்கினேங்க, ஒண்ணும் இல்ல” என்றார். அதுவரை நான் நாற்காலியில் சாயவில்லை.

டாக்டரம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. இனி மாதாமாதம் பட்டியலைக் கையாலும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடும்மா” என்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்த மேஜைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த மாத்திரை வியாழனில் திருவாலங்காட்டுக்காரர் மாவுக்கட்டோடு மனைவியுடன் வந்தார். இருவரையும் உட்கார வைத்து, போன் வராததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியைப் படிக்காமல் பதில் சொன்னதையும் சொன்னேன். அவர் குனிந்து மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார்.

“இப்பல்லாம் தனியா கழனிக்கு அனுப்பறதில்லிங்க. நானும் கூடவே போறேன். எனக்கு வேற வேலைக்குப் போவ முடில.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த தேதியை என்னிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.