மேரி சொன்ன கண்டன்சர்

ஆரோக்கியமேரியின் கைகள் அப்போது ஒரு தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தன. இடது கை தாமிரக் கம்பியை இழுத்துப் பிடிக்க, வலது கை சுழல, உதடுகள் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தன. நடுவில் யார் பேசினாலும் எண்ணிக்கை தவறிவிடும். ஃபோன் அடித்தால் மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு வார்த்தையில் பதில் சொல்வது அவள் பழக்கம். அன்று அழைத்தது நான்.

நான் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பகல் பொறுப்பு பார்ப்பவள். படுக்கையிலேயே இருப்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். அவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பதும், புண் வராமல் பார்ப்பதும் பயிற்சியில் கற்றது. விரிப்பு ஈரமாக இருந்தால் அந்தப் பயிற்சி எதற்கும் உதவாது. அதனால் மருந்து அலமாரிக்கு அடுத்து நான் கவனிப்பது வாஷிங் மெஷினைத்தான். மேலே மூடி திறந்து துணி போடும் வகை, நன்றாக உழைத்த மெஷின். அது திடீரென்று 'ம்ம்ம்' என்று உறுமியதே தவிர, துணியைச் சுழற்றவில்லை.

துணி துவைக்கும் கனகாம்பாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். உறுமும்போது ஒரு குச்சியை உள்ளே விட்டு, அடியில் இருக்கும் சுழலியை ஒரு தள்ளு தள்ளினால் அது சுற்ற ஆரம்பிக்கும். நின்றால் மறுபடி தள்ள வேண்டும். இதை நான் ஃபோனில் சொன்னதும் மேரி எண்ணுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"கண்டன்சர் போயிருக்கும்மா. மாத்தினா சரியாப் பூடும். குச்சி வுட வேணாம்னு சொல்லுங்க, மோட்டாரு சூடாவும், கையும் மாட்டிக்கும்."

அவ்வளவுதான். ஃபோன் அணைந்தது.

மேரியை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவள் அம்மா நாற்று நட்டவர், அப்பா கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் சுமை தூக்கியவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு சிப்காட் தொழிற்பேட்டையில் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். காயில் பிரிவில் முழுக்கப் பெண்கள்தான். ஒப்பந்தம் முடிந்து அனுப்பியபோது மற்றவர்கள் அடுத்த கம்பெனி வேனில் ஏறினார்கள். இவள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு, 'மேரி மோட்டார் ஒர்க்ஸ்' என்று பலகை மாட்டினாள். அவள் கணவன் ஸ்டீவன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அந்தப் பலகையை எழுதியதும் அவன்தான்.

கடைக்கு வரும் ஆண்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்த்து மெக்கானிக் எங்கே என்று கேட்பார்களாம். ஒக்காருங்க, வந்துக்கினு கீறாரு என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, அவர்கள் கொண்டுவந்ததைப் பிரிக்க ஆரம்பிப்பாளாம். ஒருவர் டீ வரவழைத்துக் குடித்து முடித்து, வேலையும் முடிந்த பிறகும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார் என்று சொல்லிச் சிரிப்பாள்.

மேரி ஃபோனில் சொன்னதைக் கேட்டு வேலையில் இறங்கியவர் எங்கள் டிரைவர் எட்வர்ட். இல்லத்தில் எந்த ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் அந்தக் கண்டன்சரை மாற்றுவது அவர்தான், வேலை சுத்தம். ஆண்கள் கூடத்தில் பச்சையப்பன் தாத்தா கட்டிலுக்கு மேலிருக்கும் ஃபேனுக்காக வாங்கிய புதுக் கண்டன்சர் அவரிடம் இருந்தது. தாத்தாவைவிட விரிப்பு அவசரம் என்று அதை மெஷினில் மாட்டினார். மெஷின் அதே இடத்தில் நின்று உறுமியது.

பிறகு நான் தீனாவை வரவழைத்தேன். மெயின் ரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், விவரமானவர். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். கண்டன்சர் புதிது, நன்றாக இருக்கிறது, ஆகவே மோட்டார் போய்விட்டது என்றார். மறுநாள் பகலில் வந்து கழற்றிக்கொண்டு போய்ப் பழையதைக் கொடுத்து வேறு மோட்டார் மாற்றித் தருவதாக ஏற்பாடு. போகும்போது கனகாம்பாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"காயில் சுத்துறவங்க காயில் சுத்தட்டும். ஃபோன்ல வைத்தியம் பாக்கறது வேற வேல."

எங்கள் பக்கம் இப்படி ஒரு வார்த்தை போதும். பக்கத்துப் பெண்கள் விடுதி, இரண்டு நர்சரிப் பள்ளிகள் என மேரியை நம்பி வேலை கொடுப்பவர்கள் எல்லாருமே என் பேச்சைக் கேட்டு அவளிடம் போனவர்கள். மேரி சொன்னது பொய்த்தது, மோட்டாரே போச்சு என்று ஒரு தடவை பேச்சு கிளம்பினால், அந்தப் பலகையைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. நான் மேரிக்கு ஃபோன் போட்டு ஒளிக்காமல் சொன்னேன். தான் வரும்வரை மோட்டாரில் யாரையும் கை வைக்க விடக் கூடாது என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் தீனா வந்து ஸ்பேனரை எடுத்த நேரத்தில் மேரியின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. அவள் தீனாவுக்கு வணக்கம் சொன்னாள், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பாருங்க, எனக்கு இன்னா போச்சு என்று அவர் சுவரோரம் சாய்ந்துகொண்டார். எட்வர்ட், கனகாம்பாள், நான், எல்லாரும் நின்றோம். படுக்கையில் இருப்பவரைப் புதிதாக வந்த டாக்டர் பார்க்கும்போது வீட்டார் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் மெஷினைத் தொடவில்லை. பிளக் செருகும் இடத்தில் கரன்ட் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்த்தாள். வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் இப்படி உறுமும் என்றாள். அது சரியாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கித் தன் பைமேல் போட்டாள், யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது என்று. பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். கண்டன்சருக்குள் கரன்ட் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் அடிக்கும். அதனால் வயர் வைத்த ஒரு குண்டு பல்பை அதன் இரு முனையிலும் தொட்டு அந்தக் கரன்டை வடித்தாள். பிறகுதான் விரலை உள்ளே விட்டாள்.

பெல்ட்டைக் கழற்றினாள். மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினாள், தடையில்லாமல் சுற்றியது. மேலே கையை விட்டுச் சுழலியைத் திருப்பினாள், அதுவும் திரும்பியது. எங்கேயும் சிக்கல் இல்லை, அரைக்கும் சத்தம் இல்லை. மோட்டாரை முகர்ந்து பார்த்தாள். கருகிய வாடை இல்லை. மூன்று வயர்களையும் பிரித்து மீட்டர் வைத்தாள். பொது வயரிலிருந்து ஒரு முனைக்கு வந்த அளவும் இன்னொரு முனைக்கு வந்த அளவும் ஒன்றாக இருந்தன; இரண்டு முனைகளுக்கும் நடுவே அதற்கு இரண்டு மடங்கு காட்டியது. கடைசியாக வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே பார்த்தாள். கசிவு எதுவும் காட்டவில்லை.

"காயில் உயிரோடத்தான் கீது," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தீனா சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். "அப்ப ஏன் சுத்தல? கண்டன்சரு புதுசு. நானே பாத்தேன்."

அவள் கண்டன்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தாள். அதன் திறன் இரண்டரை என்று காட்டியது. அதன்மேல் அச்சிட்டிருந்ததும் இரண்டரைதான். பழுதே இல்லாத கண்டன்சர். மேரி அதைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து, மோட்டார்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் தூசியை முந்தானையால் துடைத்து, டார்ச் அடித்தாள். அதில் கண்டன்சர் பத்து என்று இருந்தது.

எனக்கே அப்போது புரிந்துவிட்டது. ஃபேனுக்குப் போதுமான கண்டன்சர், ஈரத்துணியை இழுக்கும் மோட்டாருக்குக் கிளம்ப வேண்டிய வேகத்தைக் கொடுக்காது. தீனா எட்வர்ட் பக்கம் திரும்பினார். "யோவ், ஃபேன்துதா போட்ட?"

மேரி தீனாவை மேலே பேச விடவில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. கண்டன்சர்னு சொன்னவ நானு. எத்தன நம்பருன்னு சொல்லல. கையில வேல இருந்துச்சுனு ரெண்டு வார்த்தையில முடிச்சேன். தப்பு என்னுது."

நான் அவள் செய்த எத்தனையோ வேலைகளைப் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றி எனக்குப் பெருமை என்று சொன்னால், அந்த வார்த்தைகளுக்காகத்தான். தன் கணக்கு சரி என்று நிரூபணமான அதே நிமிடத்தில், தன் குறையையும் எல்லாருக்கும் முன்னால் எடுத்து வைத்தாள்.

பையிலிருந்து பத்து எண்ணுள்ள கண்டன்சரை எடுத்து மாட்டினாள். எட்வர்ட் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழையதையும் கேட்டு வாங்கி மீட்டரில் வைத்தாள். அதில் பத்து என்று அச்சு, உள்ளே மிஞ்சியிருந்தது இரண்டுகூட இல்லை. அடிப்பக்கம் உப்பியிருந்தது. அதைத் தீனாவிடம் நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டர காட்டறத நானுந்தான் பாத்தேன். மேல எழுதினதும் அதேன்னு நல்லாக்கீதுன்னுட்டேன்," என்று சிரித்தார். "மோட்டார் ஸ்டிக்கர எவன் பாத்தான்."

பெல்ட்டை ஏற்றினாள். முதலில் வெறுமனே ஓட்டினாள். உறுமல் ஒரு கணம், உடனே சுழற்சி. இந்தப் பக்கம் சுற்றி நின்று அந்தப் பக்கம் சுற்றியது. பிறகு தண்ணீர். பிறகு கனகாம்பாள் ஈரவிரிப்புகளைப் போட்டாள். குச்சியைப் பழக்கத்தில் கையில் எடுத்தவள், அதற்கு வேலை இல்லாததால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். முழுச் சுற்று முடிந்து தண்ணீர் வடியும்வரை மேரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் மூடியைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடுதான்.

தீனா தன் ஸ்பேனரைப் பையில் போட்டார். கிளம்பும்போது மேரியின் கடை எந்தத் தெருவில் என்று கேட்டார். தன்னிடம் வரும் மோட்டார்களில் காயில் போனவற்றை இதுவரை சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாராம். இனி இங்கேயே தரலாமா என்று கேட்டார்.

"கொண்டாங்கண்ணே. வந்தா ஸ்டூல்ல ஒக்காருங்க, மெக்கானிக் வருவாரு," என்றாள் மேரி. அவருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

மறுநாள் காலை அவள் கடை திறப்பதற்கு முன் எங்களிடம் வந்தாள். கையில் வெள்ளை பெயின்ட், சின்ன பிரஷ். மெஷினின் பின்தகட்டில் பெரிதாக 10 என்று எழுதினாள். ஆண்கள் கூடத்தில் எட்வர்ட் ஏணிமேல் நின்று அந்த இரண்டரைக் கண்டன்சரைப் பச்சையப்பன் தாத்தாவின் ஃபேனில் மாட்டிக்கொண்டிருந்தார். மேரி போய், பிரஷை நீட்டி, ஃபேன் மூடிமேலும் 2.5 என்று எழுதச் சொன்னாள். எட்வர்ட் எழுதி இறங்கி ஃபேனைப் போட்டதும், தாத்தா காற்று வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் மேரியின் ஃபோன் அடித்தது, பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டாள். பெண்கள் விடுதி. மிக்ஸியோ மோட்டாரோ ஏதோ உறுமுகிறது. மேரி பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தாள், ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இரு, நிதானமாச் சொல்லு. மொதல்ல பிளக்கப் புடுங்கு. அப்புறம் அதுமேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

வெளியே கனகாம்பாள் விரிப்புகளைக் கொடியில் போட்டு, அந்தக் குச்சியால் கொடியை உயர்த்தி முட்டுக் கொடுத்தாள்.