மேசையில் விட்டுப்போன எரிந்த கம்பி

யுத்த காலம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். புளியந்தீவில் எது பழுதானாலும் என்னிடம்தான் வருவார்கள். என்ன பழுது, முன்பு யார் கைவைத்தது என்று விசாரித்து, பொருத்தமான ஆளுக்குச் சொல்லிவிடுவேன்.

கரடியனாற்று நெல் மில்காரர், மில் ஜெனரேட்டரின் சுருள் எரிந்துவிட்டது என்று வந்தார். பழைய கம்பியில் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். மோட்டருக்குச் சுருள் சுற்றும் தம்பிராசா என் வீட்டில் அதன் தடிப்பை அளந்தார். துண்டை மேசையில் வைத்துவிட்டு, புதுக் கம்பியோடு கரடியனாற்றுக்கு பஸ் ஏறினார்.

மத்தியானம் அவருடைய மனைவி ஓடிவந்தார்.

"சேர், சோதனைச் சாவடியில இவரை இறக்கிட்டாங்களாம்! குண்டுக்குக் கம்பி கொண்டு போறாராம்!"

சாவடி தாண்டிக் கம்பி கொண்டுபோகத் தடை என்று ஊருக்கே தெரியும். ஆளை அனுப்பிய எனக்கு அது உறைக்கவில்லையே!

எரிந்த துண்டோடு சாவடிக்கு ஓடி, ஜெனரேட்டர் சுற்றத்தான் அந்தக் கம்பி என்றேன். அதிகாரி இரண்டு கம்பியையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒரே தடிப்பு. புதுக் கம்பியைத் தானே வைத்துக்கொண்டு, தம்பிராசாவைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"பயமாத்தான் இருந்திச்சு சேர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு போனன்," என்றார் தம்பிராசா.

இப்போது நான் ஆளை அனுப்புவதில்லை. பழுதான சாமானைத்தான் உழவு மெசினில் ஏற்றி வரச் சொல்கிறேன். என் பேச்சை நம்பி இன்னொருவர் அந்தச் சாவடியில் நிற்கக் கூடாது.