ஒரு பக்க வரவேற்புக் குறிப்பு

2024, ஜூன் 3, திங்கட்கிழமை. திருத்தணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், தொடக்கநிலைக் கோடிங் பயிற்சியின் முதல் வகுப்பு நடந்தது. பயில வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை வகுப்பு. ஆசிரியர் சென்னைத் தலைமையகத்திலிருந்து திரையில் தோன்றிப் பாடம் நடத்துவார். அரசு விடுமுறைகள் நீங்கலாக ஆகஸ்ட் 29 வரை மொத்தம் நாற்பத்தெட்டு வகுப்புகள். கிளையின் ஒருங்கிணைப்பாளர் ப. நிர்மலா, வயது இருபத்தைந்து, ஊர் மணவூர்.

நிர்மலாவுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். சாவிக்கொத்தின் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருப்பாள். மின்சார ரயிலில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக முந்தைய நாள் வருகையைச் சரிபார்ப்பாள். அதன் பிறகுதான் தேநீர். "இந்தப் பொண்ணு எறும்பு வரிசையக்கூட எண்ணிக்கினு நிக்கும்" என்பார் கீழே மருந்துக்கடை வைத்திருந்த பாஷா. அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

தலைமையகம் அனுப்பிய வரவேற்புக் குறிப்பு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்தது. அதை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நிர்மலாவுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரே படமாகத் திறந்து பார்க்கும்படி, அதை ஒரு பக்கத் தமிழாகச் சுருக்கினாள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அன்று வராததாகக் கொள்ளப்படும். வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்ப்பது வருகை ஆகாது. சான்றிதழ் பெற எண்பது சதவீத வருகை, பத்துப் பயிற்சிகளில் எட்டு, கடைசியில் ஒரு செயல்திட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, கிளையின் முத்திரையைப் பதித்து, அடியில் தன் வழக்கப்படி ஒரு வரியும் சேர்த்தாள்: "மேற்கண்டவையே முழு விதிகள்."

அந்தப் பக்கத்தை, அம்மையார்குப்பத்திலிருந்து வகுப்புக்கு வந்த மணியம்மை அச்செடுத்து, வீட்டில் விசைத்தறி ஓடும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். இருபத்தொன்பது வயது, ஆறு வயதில் ஒரு மகன். அரக்கோணத்தில் ஒரு பில்லிங் மென்பொருள் நிறுவனம் இந்தச் சான்றிதழ் உள்ளவர்களைப் பழகுநராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நேர்காணல் செப்டம்பர் முதல் வாரம். அவள் கணவன் சிங்காரம் அதை நம்பவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

"காலைல பையத் தூக்கினா போதும் மேடம், 'கலெக்டர் அம்மா கெளம்பிட்டாங்க, வழி விடுங்கடா'ன்னு தறிகிட்ட நின்னுகினு கத்துறாரு" என்று நிர்மலாவிடம் சிரித்தபடியே சொல்வாள்.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு மனு குடு, அப்புறம் பாக்கலாம்னு சொல்வேன்."

மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததில் ஐந்து வகுப்புகள் போயின. பேருந்து பிந்தியதில் மூன்று. பிறகு ஜூலைக் கடைசியில் ஆடிக் கிருத்திகை வந்தது. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்றாலும், நான்கு ஊர்க் கிளைகளுக்கும் ஒரே ஆசிரியர் என்பதால் சென்னை வகுப்பை நிறுத்தவில்லை. ஊருக்குள் இருந்தவர்கள் கூட்டத்தில் நீந்தி மாடியேறினார்கள். வெளியூர்ப் பேருந்துகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். காவடிகளுக்கு நடுவே மணியம்மை நடந்து வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அடுத்த இரண்டு நாள், தெப்பம் முடியும்வரை, அவள் கிளம்பவே இல்லை.

ஆகஸ்ட் 12 அன்று, வருகை குறைந்தவர்களுக்கு அறிவிப்பு எழுத நிர்மலா உட்கார்ந்தாள். பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது. இனி ஒன்றையும் தவறவிடாவிட்டாலும் மணியம்மைக்கு முப்பத்தேழுதான் வரும், தேவை முப்பத்தொன்பது. அறிவிப்பில் விதி எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று ஆங்கில மூலத்தைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தி இருந்தது: தவறவிட்ட வகுப்புக்கு ஏழு நாள்களுக்குள் விண்ணப்பித்தால், ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்து பதிவைப் பார்த்துப் பயிற்சியை முடித்து ஈடுசெய்யலாம், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு.

இடம் போதாமல் அதை அவளேதான் வெட்டியிருந்தாள். இங்கே யாருக்குத் தேவைப்படப்போகிறது என்று நினைத்ததும் நினைவிருந்தது. தெப்பம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

அறிவிப்பை அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். மணியம்மை மறுத்துப் பேசமாட்டாள். சுவரில் ஒட்டிய விதியில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. நிர்மலா தேநீரை ஆறவிட்டு, தலைமையகத்தில் திட்ட மேலாளராக இருந்த வளவனை அழைத்தாள்.

"கெடு முடிஞ்சிருச்சே நிர்மலா. சேரும்போதே எல்லாரும் இங்கிலீஷ் விதிக்கு டிக் போட்டிருக்காங்க."

"போட்டாங்க சார். ஆனா கையில குடுத்தது தமிழ்ப் பக்கம். அதுல ஈட்டு வகுப்பு இல்ல. இதான் முழு விதின்னு கீழ நான் எழுதியிருக்கேன். முத்திரையும் நம்மளுது."



"அந்த வரிய யாரு எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். எனக்கே எழுதாம இருக்க முடியல."

வளவன் சிரித்துவிட்டார். "எழுத்துல குடுங்க. ஆனா தப்பு உங்க பேர்லதான் பதிவாகும். அக்டோபர்ல உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

"ஆங், இருக்குங்க."

இரு பக்கங்களையும் இணைத்து அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினாள். ரயிலில் வீடு திரும்புகையில் மூன்று முறை அதைத் திறந்து பார்த்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. மறுநாள் பதில் வந்தது. திருத்திய குறிப்பை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்க இருபத்திரண்டு பேருக்கும் புதிதாக ஏழு நாள். பிழை ஒருங்கிணைப்பாளருடையது எனக் கோப்பில் குறிக்கப்பட்டது.

வகுப்பு முடிந்ததும் மணியம்மையிடம் விவரத்தைச் சொன்னாள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் ஒட்டி வச்சிருக்கிறது தப்புப் பேப்பரா?" என்றாள்.

"தப்பு இல்லக்கா, கொற. கொறச்சது நானு."

"அது கெடக்குது மேடம். ஞாயித்துக்கெழம மையத்த யாரு தெறப்பா?"

"நான் வருவேன்."

"லீவு நாள்லயா? வீட்டுல திட்ட மாட்டாங்க?"

"திட்டுவாங்க. அதுக்கென்ன?"

ஆகஸ்ட் 18, 25 ஆகிய இரு ஞாயிறுகளிலும் மாடி திறந்திருந்தது. முதல் ஞாயிறன்று வேறு நால்வரும் வந்தார்கள். வருகை போதுமானதாக இருந்தும், விட்ட பாடத்தைப் பார்க்க வேண்டுமென்று வந்தவர்கள் அவர்கள். இரண்டாம் ஞாயிறு மணியம்மையைச் சிங்காரமே வண்டியில் கொண்டுவந்து விட்டான். பிள்ளையை மருந்துக்கடை வாசலில் வைத்துக்கொண்டு பன்னிரண்டரை வரை காத்திருந்தான். "கலெக்டர் ஆபீஸ் எப்போ மூடுவாங்க?" என்று பாஷாவை இருமுறை கேட்டானாம்.

கடைசி நாளில் மணியம்மை காட்டிய செயல்திட்டம் ஒரு சிறிய இணையப்பக்கம். அம்மையார்குப்பத்தில் பேருந்து ஏறும் நேரத்தை அழுத்தினால், திருத்தணியில் பத்து மணி வகுப்புக்குச் சேர முடியுமா, முடியாதா என்று அது சொல்லும். பதினைந்து நிமிடச் சலுகையையும் அதில் சேர்த்திருந்தாள். கீழே ஒரு கட்டத்தில், ஆடிக் கிருத்திகை என்று தேர்ந்தெடுத்தால், "முந்தின நாளே கிளம்பவும்" என்று வந்தது. திரைக்கு அப்பால் இருந்த ஆசிரியர் அதை இரண்டாம் முறை அழுத்திக் காட்டச் சொன்னார்.

அடுத்த அணிக்கான வரவேற்புக் குறிப்பு தமிழில் மூன்று பக்கமாயிற்று. அடிவரியை நிர்மலா எடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30 அன்று கிளை அனுப்பிய இறுதிப் பட்டியலில் பதினேழாம் வரி: சி. மணியம்மை, அம்மையார்குப்பம். பயிற்சிகள் 9/10. செயல்திட்டம் 1/1. வருகை 39/48.