கடைசி வீட்டுக்கு வந்த தண்ணீர்

வெள்ளானூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு என்னுடையது. அதற்கும் மற்ற வீடுகளுக்கும் நடுவே காலி மனைகள். கணவர் இறந்தபின் அங்கே தனியாக இருந்தேன். அரசுக் குடிநீர்க் குழாய் இன்னும் எட்டாத தெரு. தெருமுனையில் போர் போட்டிருந்த ஒருவர் தன் செலவில் குழாய் பதித்து, வீடுவீடாகத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார்.

வாய் நீளம் அவருக்கு. விலையைப் பற்றிக் கேட்டால் சண்டைக்கு வருவார். ஆனால் காலையில் மோட்டார் போட்டதும் எனக்குப் போன் வந்துவிடும்.

"இன்னாம்மா, தண்ணி வந்துச்சா?"

கடைசி வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் வந்த மாதிரி என்பது அவர் கணக்கு. பல நாட்கள் எனக்கு வந்த ஒரே போன் அதுதான். வேண்டுமென்றே பேச்சை வளர்ப்பேன்.

பிறகு இன்னொருவர் தெருவின் மறுபக்கம் போர் போட்டு, அவரும் குழாய் பதித்தார்.

"போட்டி வந்தா விலை குறையும் மேடம்," என்றார் முன்வரிசையில் இருக்கும் ஐ.டி.காரர். குறைந்தது. ஏன் குறையாது? புதியவர் நெருக்கமான வீடுகளோடு குழாயை நிறுத்திக்கொண்டார். பழையவர் என் வீடு வரைக்குமான நீளத்தையும் அல்லவா சுமந்தார்! அத்தனை வீடும் சேர்ந்து கட்டிய காசில்தான் என் வீட்டுக்குத் தண்ணீர் வந்தது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாலு வீடு மாறியதும் மீதி வீடுகளின் தலையில் அந்தச் செலவு ஏறியது. அவர்களும் மாறினார்கள். ஒரு குழாய் போதுமான தெருவில் இரண்டு குழாய். கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டிக் கம்பம் நட்டால் மட்டும் இவர்கள் சிரிப்பார்கள்.

வெட்கத்தை விட்டுப் புதியவரிடமும் போய்க் கேட்டேன். "ஒத்த ஊட்டுக்காக அம்மாந்தூரம் பைப்பு இழுத்தா எனக்கு இன்னாம்மா மிஞ்சும்?" என்றார். கோபம் வந்தது. வந்த வழியே திரும்பினேன்.

ஒரு நாள் பழையவர் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்தார். "கட்டுப்படியாவலம்மா, லைனை நிறுத்திடப் போறேன்," என்றார்.

"எவ்வளவு கேட்டாலும் தர்றேன். எனக்கு மட்டும் விடுங்களேன்," என்றேன்.

"பைப்பு ஒடைஞ்சாலும் மோட்டார் எரிஞ்சு பூட்டாலும் மொத்தமும் உன் தலைலதாம்மா வுயும். தாங்க மாட்டே," என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "இன்னிக்குக் கடசியா ஒரு தபா வுடறேன். ரொப்பிக்கோ."

மதியம் வரை மோட்டார் ஓடியது. தொட்டி, அண்டா, வாளி, குக்கர் வரைக்கும் நிரப்பினேன். பிறகு அவர் என் கேட்டருகே பள்ளம் தோண்டி, குழாயை அறுத்து மூடி போட்டார். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஒரு சொம்பு கொடுத்தேன். பாதி குடித்தவர், மீதியைக் கீழே ஊற்றாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.